அடீனியத்துக்குச் சொட்டுத் தண்ணீர் கொடுக்காதவர்

சலவைக் கடைக்காரருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கடை உரிமத்தில் அது அச்சாகிச் சுவரில் தொங்குகிறது. ஆனால் தெருவில் யாரையாவது நிறுத்தி அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் விழிப்பார்கள். "சொட்டு கடை எங்கே" என்று கேளுங்கள், சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடும்.

சொட்டு என்பது அவருடைய உயரத்துக்கோ கஞ்சத்தனத்துக்கோ வைத்த பெயர் இல்லை. சட்டைக்கு நீராவி அடிப்பதில் அவரைப் போலத் தாராளமான ஆள் கிடையாது. விஷயம் செடி சம்பந்தப்பட்டது. அதிலும் எல்லாச் செடியும் இல்லை, அடீனியம். வேரும் தண்டும் சேர்கிற இடத்தில் பானை வயிறு மாதிரி உப்பி, மேலே நாலு கிளையும் நுனியில் கொத்தாக இலையும், வெயில் காலத்தில் ரோஜா நிறப் பூவுமாக நிற்குமே, அதுதான். அந்தத் தெருவில் பாதி பால்கனிகளில் அது இருக்கிறது. குளிர் மாதங்கள் தொடங்கி இலை மஞ்சளாக ஆரம்பித்ததும் பாதி பால்கனியும் சொட்டுவின் கடைக்கு வந்துவிடும். வந்தவர்கள் எல்லாரிடமும் அவர் சொல்வது ஒன்றுதான். "ஒரு சொட்டுக்கூட ஊத்தாதீங்க."

போன குளிரின் தொடக்கத்தில் எதிர்வரிசைப் பல் டாக்டர் அம்மா வந்தார். ஒரு கையில் துவைக்க வேண்டிய வெள்ளை அங்கிகள், இன்னொரு கையில் தொட்டி.

"பாருங்க, இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சு. தண்ணி பத்தலையோன்னு தினமும் ஊத்திட்டிருக்கேன். இன்னும் மஞ்சளாகுது."

சொட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு தொட்டியைத் தன் பக்கம் திருப்பி, கிழங்கு மாதிரி உப்பிய அடியைக் கட்டை விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார். டாக்டர்கூட நோயாளியின் தாடையை அவ்வளவு மெதுவாகத் தொட்டிருக்க மாட்டார்.

"கல்லு மாதிரி இருக்கு. பொழச்சுது. மேடம், நீங்க பாக்குற வேலையில ராத்திரி தூங்குறவங்கள எழுப்பி வாயில தண்ணி ஊத்துவீங்களா?"

"எதுக்கு ஊத்தணும்?"

"அதத்தான் இதுக்குப் பண்றீங்க. குளிர் வந்தா இது தூங்கப் போகுது. இலையிலிருந்து சத்தை உள்ள இழுத்துக்கிட்டு, இலைய உதிர்த்துட்டு, மொட்டையா நிக்கும். அப்ப வேர் தண்ணி குடிக்காது. குடிக்காத தண்ணி மண்ணுல நிக்கும், நின்னா வேர் அழுகும், வேர்ல புடிச்சது கிழங்குக்கு ஏறும். இந்தக் கிழங்கே ஒரு தண்ணித் தொட்டிதான், உள்ள ரெண்டு மாசத்துக்கு வெச்சிருக்கு. மழ படாத எடத்துல வெச்சுட்டு மறந்துடுங்க."

"அழுகிடுச்சான்னு எப்படித் தெரியும்?"

"ஒரு பக்கமா மெத்துனு அமுங்கும். நிறம் கறுக்கும், கிட்ட போனா நாறும், செடி ஆடும். ஒரு எடத்துல மட்டும் இல்லாம சுத்தி ஒரே மாதிரி தளர்ந்து, சுருக்கம் விழுந்தா அது தாகம். ஆனா அந்தத் தாகமெல்லாம் இந்தக் குளிர்ல வராது, அதைப் பத்திக் கவலப்படாதீங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மனுஷர் அதை எவ்வளவு அலட்சியமாகச் சொன்னார் என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நீராவி மேசையில் கால்சட்டைகளை அழுத்திக்கொண்டிருந்த அவர் மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இருபது வருஷமாகக் கேட்கிறாள். டாக்டர் போன பிறகு, "சட்டையில கறை போகலன்னா எங்கிட்ட வராங்க, செடியில இலை போனா உங்ககிட்ட வராங்க. கடை போர்டை மாத்திடலாம்" என்றாள். சொட்டுவுக்கு அதில் பெருமைதான். காட்டிக்கொள்ளாமல் அடுத்த சட்டையின் காலரைத் திருப்பினார்.

இவ்வளவு ஞானம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு கொலையிலிருந்து வந்தது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு அவரும் மனைவியும் கடைக்கு மேல் ஒரே அறையில் குடியிருந்தார்கள். பக்கத்து அறையில் அவருடைய அக்கா. அக்கா நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவள். கோட்டுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அரை மில்லிமீட்டர் போனாலும் காகிதத்தையே கிழித்துவிடுவாள். அவளிடம் ஓர் அடீனியம் இருந்தது. யாரோ கூட வேலை பார்த்தவர் ஓய்வு பெற்றபோது கொடுத்துவிட்டுப் போனது. அந்த வருஷம் அலுவலகத்தில் வேலை குவிந்துவிட, அக்கா பொழுது விடியக் கிளம்பி, பொழுது சாய்ந்து வர ஆரம்பித்தாள். படிக்கட்டுத் திருப்பத்தில் இருந்த தொட்டியைக் காட்டி, "டேய், இனிமே இது உன் பொறுப்பு" என்றாள்.

பொறுப்பு என்றால் சொட்டுவுக்கு உயிர். அப்போது அவருக்குச் சொட்டு என்று பெயரும் இல்லை. குளிர் வந்தது, இலை மஞ்சளானது. ஐயோ பாவம், தாகம் போலிருக்கிறது என்று தினம் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். மஞ்சள் கூடியது. அவரும் விடாமல் ஊற்றினார். ஆறாவது வாரம் ஒரு நாள் காலையில் செடி ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது. நிமிர்த்தப் போனால் கிழங்குக்குள் விரல் போயிற்று. உள்ளே பழுப்பாகக் கூழ், மூக்கைப் பொத்த வைக்கிற நாற்றம்.

அக்கா வந்தாள், பார்த்தாள். "தண்ணி ஊத்துனியா?"

"தினமும் ஒரு சொம்பு."

"கொன்னுட்டியேடா" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

அந்தச் செடி சாவதற்கு முன் வெயில் காலத்தில் இரண்டு கொம்பு மாதிரி ஜோடிக் காய் விட்டிருந்தது. அது வெடித்து விதை பறந்து போகாமல் அக்கா நூல் கட்டி வைத்து, விதையை எடுத்து ஒரு அலுவலக உறையில் போட்டு, மேலே தேதி எழுதி வைத்திருந்தாள். குளிர் போனதும் அதை விதைத்தாள். முளைத்த ஏழில் ஆறு போய், ஒன்று நின்றது. அந்த ஒன்றை அவள் தம்பியின் கையில் கொடுக்கவே இல்லை. வேறு வீடு மாறிப் போனபோதும் மடியில் வைத்துக்கொண்டு போனாள். வருஷத்துக்கு ஒரு முறை நாடாவால் கிழங்கின் சுற்றளவை எடுத்துத் தொட்டியின் பின்பக்கம் பென்சிலால் எழுதுவாள். ஐந்து சென்டிமீட்டரில் ஆரம்பித்த வரிசை அது.

சொட்டுவோ, சூடு கண்ட பூனையாகிப் போனார். அடீனியத்தைப் பற்றி யார் பேசினாலும் போய் நின்று கேட்டார். நாற்றுப்பண்ணைக்காரர்களைத் தேடிப் போனார். தானும் விதை வாங்கிப் போட்டார். கடையின் மொட்டை மாடியில் இப்போது பதினெட்டு அடீனியம். தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக நின்று, குளிர் முழுக்க இலையில்லாமல் தூங்குகின்றன. ஒன்றுகூட அழுகியதில்லை. ஆனாலும் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் நிற்கும் அந்தச் செடியைப் பார்த்தால் அவருக்குக் கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொள்ளும். தாயைக் கொன்றவன் பிள்ளையைத் தொடக் கூடாது என்று அவராகவே வைத்துக்கொண்ட சட்டம்.

அப்படி இருக்க, போன குளிரில் அக்காவின் மகளுக்குப் பிரசவம். நான்கு மாதம் மகளோடு போய் இருக்க வேண்டும். அக்கா அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் கடைக்கே வந்துவிட்டாள். வயது அறுபத்தாறு, மூச்சு வாங்கியது. இஸ்திரி மேசையின் மேலேயே வைத்தாள்.

"உங்கிட்ட விட்டுட்டுப் போறேன்."

சொட்டு மேசையிலிருந்து ஓரடி பின்னால் போனார். "எங்கிட்டயா?"

"ஊரே உங்கிட்ட கேக்குது. எனக்கு வேற தம்பி இருக்கானா?" கைப்பையிலிருந்து நாடாவை எடுத்துக் கிழங்கைச் சுற்றினாள். நாற்பத்தேழு. தொட்டியின் பின்னால் எழுதினாள். "வந்து அளப்பேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொட்டுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

நியாயமாக அவர் என்ன செய்திருக்க வேண்டும்? மாடிக்கு எடுத்துப் போய்ப் பதினெட்டோடு பத்தொன்பதாக வைத்திருக்க வேண்டும். செய்யவில்லை. மாடியில் குளிர் காற்று, தகரம் பறந்தால், பந்து விழுந்தால், பூனை ஏறினால் என்று ஆயிரம் யோசனை. "கண்ணு முன்னாடி இருக்கட்டும்" என்று கடையின் உள்ளறை ஜன்னலில் வைத்தார். தெற்குப் பார்த்த ஜன்னல், நாள் முழுக்க வெயில். பக்கத்திலேயே நீராவிக் கொதிகலன். அதன் சூடு ஜன்னல் சுவர் வரைக்கும் அடிக்கும். வெளியே ஜனங்கள் கம்பளிச் சட்டைக்குள் நடுங்கும்போது அந்த அறையில் விசிறி ஓடும். செடியை ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்துவிட்டு, மாடிச் செடிகளுக்கு வைத்த அதே சட்டத்தை இதற்கும் வைத்தார். ஒரு சொட்டு கிடையாது.

முதல் மாதம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது மாதத்தில் கீழ் இலைகள் மஞ்சளாகின. "தூங்கப் போகுது" என்று சொட்டு நிம்மதியாக உதிர்ந்ததைப் பொறுக்கிப் போட்டார்.

மனைவி கால்சட்டையை மேசையில் விரித்தபடி சொன்னாள். "ஏங்க, தூங்கப் போறது எதுக்கு நுனியில புதுசா துளிர் விடுது?"

"எங்க?"

"அங்க பாருங்க, கிளை நுனியில. கடுகு மாதிரி பச்ச. மாடியில இருக்கறது எதுலயும் அது இல்ல."

"அது போன மாசத்துத் துளிரா இருக்கும்."

"நான் தெனம் பாக்கறேன். இந்த ரூம்ல நான் மத்தியானத்துக்குள்ள மூணு பாட்டில் தண்ணி குடிக்கறேன். அதுக்கு மட்டும் வேண்டாமா?"

"நீ மனுஷி, அது செடி" என்றார் சொட்டு. இதற்கு மேல் ஒரு முட்டாள்தனமான பதிலை அவர் வாழ்க்கையில் சொன்னதில்லை என்று பிற்பாடு அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் அப்போது அதைச் சொன்ன குரலில் இருபத்திரண்டு வருஷப் பயம் இருந்தது. அதனால் அவள் கால்சட்டைக்குத் திரும்பினாள்.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை. கடையைத் திறந்ததும் வழக்கம்போல ஜன்னலுக்குப் போனார். ஒரே இரவில் ஏழெட்டு இலை மஞ்சளாக உதிர்ந்து கிடந்தது. கிழங்கில் கட்டை விரலை வைத்தார். அமுங்கியது.

படிக்கட்டுத் திருப்பம், விரல் உள்ளே போனது, அந்த நாற்றம் எல்லாம் ஒரே நொடியில் திரும்ப வந்தன. சுற்றிலும் அழுத்திப் பார்க்க வேண்டும் என்பது தோன்றவில்லை. முகர்ந்து பார்க்கத் தோன்றவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான். நாடாவை எடுத்து வந்து சுற்றினார். நாற்பத்தைந்து. அக்காவின் பென்சில் எழுத்து நாற்பத்தேழு என்று அவரையே பார்த்தது.

அழுகல் என்றால் தண்ணீர். தண்ணீர் அவர் ஊற்றவில்லை. அப்படியானால்?

மனைவி அப்போதுதான் கொதிகலனைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். கையில் தண்ணீர் பாட்டில் வேறு.

"நீ ஊத்துனியா?"

"எதுக்கு?"

"செடிக்கு. பாவம்னு நினைச்சு, எனக்குத் தெரியாம. உண்மையச் சொல்லு."

அவள் பாட்டிலை மேசையில் வைத்தாள். "முப்பது வருஷத்துல உங்களுக்குத் தெரியாம நான் என்ன செஞ்சிருக்கேன்?" என்றாள். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் சொட்டுவுக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். கத்தி, அதைத் துடைக்க ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு, வெட்டிய இடத்தில் தூவப் பூஞ்சணக் கொல்லிப் பொடி, பால் கையில் படாமல் இருக்கக் கையுறை. அடீனியத்தின் பால் விஷம், கண்ணில் பட்டால் தொலைந்தோம். அழுகிய பாகத்தை நல்ல சதை தெரிகிற வரைக்கும் வெட்டியெடுத்தால் மிச்சம் பிழைக்கலாம். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எத்தனையோ பேர் செடிக்குச் செய்திருக்கிறார். கத்தியைத் துடைத்தார். பாதிக் கிழங்கோடு நிற்கிற செடியை அக்கா எப்படி அளப்பாள் என்று நினைத்தபோது கண்ணே மறைத்தது.

"வெட்டுங்க" என்றாள் மனைவி பின்னாலிருந்து. "அதுக்கு முன்னாடி மண்ணத் தோண்டிப் பாருங்க. நான் ஊத்தியிருந்தா மண்ணு சொல்லும்."

கத்தி அந்தரத்தில் நின்றது.

அவள் தேநீர்க் கரண்டியை எடுத்து நீட்டினாள். சொட்டு வாங்கித் தொட்டியோரமாகத் தோண்டினார். மேல் மண் பொடி. நடு மண் பொடி. பக்கத்தில் கிடந்த மரக் குச்சி ஒன்றைத் தொட்டியின் அடி வரைக்கும் செருகி இழுத்தார். அடுப்புக்குள்ளிருந்து எடுத்த மாதிரி காய்ந்து வந்தது, ஒரு துகள்கூட ஒட்டவில்லை. கிழங்கோரம் ஒரு தடித்த வேர் வெளியே தெரிந்தது. கிள்ளிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. நகத்தால் கிழங்கின் தோலில் மயிரிழைக்குச் சுரண்டினார். உள்ளே பச்சை.

அப்புறம்தான் புத்தி வந்து, கட்டை விரலைச் சுற்றிலும் நகர்த்தினார். கிழக்கே அமுங்கியது, மேற்கேயும் அமுங்கியது, எங்கும் ஒரே அளவு. மேலிருந்து கீழாகச் சின்னச் சின்னச் சுருக்கங்கள், துவைத்துப் பிழிந்து விரிக்காமல் விட்ட துணியில் விழுவது போல. மூக்கை வைத்தார். காய்ந்த மண் வாசனையைத் தவிர ஒன்றுமில்லை.

செடி அழுகவில்லை. தூங்கவும் இல்லை. கொதிகலன் பக்கத்தில், வெயிலில், வெயில் காலம் என்றே நம்பிக்கொண்டு விழித்து உட்கார்ந்து, தண்ணீர் வரும் வரும் என்று துளிர் விட்டுப் பார்த்து, தண்ணீர் வராமல் தன் வயிற்றிலிருந்ததையே குடித்து இளைத்திருக்கிறது. தேதியைப் பார்த்து அது தூங்குவதில்லை, குளிரைப் பார்த்துத் தூங்குகிறது. இந்த அறைக்குள் குளிர் வந்தால்தானே.

சொட்டு கரண்டியைக் கீழே வைத்தார். திரும்பி மனைவியைப் பார்க்கத் தைரியம் வர நேரமாயிற்று.

"உன்னைப் போய்க் கேட்டேனே. தப்பு என்னுது."

"தப்ப அப்புறம் நிதானமா ஒத்துக்கலாம். முதல்ல தண்ணிய ஊத்துங்க."

அவர் தேநீர்க் குவளையில் பாதி எடுத்து வந்து சுற்றிலும் மெல்ல விட்டார், நிறுத்தினார். அவள் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "உங்களுக்குப் பேரு வெச்சவங்க தெரிஞ்சுதான் வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, சட்டைகளுக்குத் தெளிக்கிற பெரிய சொம்பை நிரப்பி வந்தாள். காய்ந்த மண் முதலில் குடிக்காமல் ஓரமாக வழியவிட்டது. நிறுத்தி, ஊறவிட்டு, மறுபடி ஊற்றினாள். மூன்றாவது தடவை மண் இருண்டு, அடித் துளை வழியே நிதானமாகத் தண்ணீர் வந்தது. தட்டில் தேங்கியதை உடனே கொட்டினார் சொட்டு. அந்த ஒரு வேலையை மட்டும் அவள் அவருக்கு விட்டுக்கொடுத்தாள்.

அன்று மதியச் சாப்பாட்டின்போது, "அந்த வார்த்தை கேட்டிருக்கக் கூடாது" என்று மறுபடி சொன்னார். "கேட்டிருக்கக் கூடாதுதான்" என்றாள் அவள். சமாதானமாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தவருக்கு அவ்வளவுதான் கிடைத்தது. அவர் அன்றைக்குத் அவள் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்தார்.

ஒரு வாரத்தில் கிழங்கு இறுகிவிட்டது. சுருக்கம் மறைந்தது. அதன்பின் மாடிச் செடிகளுக்கு ஒரு சட்டம், ஜன்னல் செடிக்கு ஒரு சட்டம். மாடியில் தூக்கம், ஒரு சொட்டு கிடையாது. ஜன்னலில் குச்சியைச் செருகிப் பார்த்து, அடி வரைக்கும் காய்ந்திருந்தால் நிறைய ஊற்றுவது, காயும் வரை தொடாமல் இருப்பது. குச்சியைச் செருகுவது அவள் வேலை. ஊற்றும்போது அவர் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொள்வார்.

குளிர் போய் வெயில் ஏறிய மாதத்தில் அக்கா திரும்பி வந்தாள். பேத்தியின் படத்தைக் காட்டிவிட்டு நேரே உள்ளறைக்குப் போனாள். செடி இலையும் நாலு பூவுமாக நின்றது. அக்கா நாடாவைச் சுற்றினாள். கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தாள்.

"நாப்பத்தெட்டு" என்றாள். "டேய், ஒரு சென்டிமீட்டர் ஏறியிருக்கு. தூங்குற காலத்துல எப்படிடா ஏத்துன?"

சும்மா இருந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. சாட்சி எல்லாம் உதிர்ந்து குப்பைக்குப் போயாயிற்று. ஆனால் சொட்டுவுக்குப் பொய்யை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கொதிகலன், தாகம், நாற்பத்தைந்து, கத்தி.

"ரெண்டாவது தடவையும் கொல்லப் பாத்தேன்க்கா. அதுகூடப் பரவாயில்ல. எனக்குத் தெரியாம தண்ணி ஊத்துனியான்னு இவளைக் கேட்டுட்டேன். ஒரு பாவமும் அறியாதவள."

அக்கா நாடாவைச் சுருட்டத் தொடங்கினாள். சுருட்டி முடித்தாள். மறுபடி பிரித்துவிட்டு மறுபடி சுருட்டினாள். பிறகு துணி மூட்டை வைக்கிற முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் ஊத்துனேன்டா" என்றாள்.

"நீ இங்க இல்லியேக்கா."

"இதுக்கு இல்ல. அதுக்கு. இதோட அம்மாவுக்கு. நீ காலையில ஊத்துனது எனக்குத் தெரியாது. நான் வேலை முடிஞ்சு படியேறி வருவேன், மஞ்சளா நிக்கும். தம்பி மறந்துட்டான் போலன்னு நானும் ஒரு சொம்பு ஊத்திட்டுப் போவேன். தினமும். அன்னிக்குக் கேட்டப்போ நீ உடனே ஒத்துக்கிட்டே. எனக்கு வாய் வரல. நாளைக்குச் சொல்லலாம்னு நினைச்சேன். அப்புறம் நீ அந்தச் செடியையே நினைச்சு நினைச்சு இவ்வளவு பெரிய ஆளாயிட்டே. ஒவ்வொரு வருஷமும் சொல்றது கஷ்டமாயிடுச்சு. அதான் இந்தத் தடவ உங்கிட்ட கொண்டாந்து வெச்சேன். சொல்லத்தான் முடியல, அதையாவது செய்யணும்னு."

கொதிகலன் உஸ்ஸென்றது. சொட்டு அக்காவைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் பின்னால் கட்டிக்கொண்டிருந்த கை. கோபம் வர வேண்டும் என்று கொஞ்சம் காத்துப் பார்த்தார். வரவில்லை. நெஞ்சிலிருந்து ஈர மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"அப்ப நான் பாதிக் கொலைகாரன்தான்" என்றார்.

"பாதிதான்" என்றாள் அக்கா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா எனக்கு இந்தப் பேரும் வந்திருக்காது, மாடியில பதினெட்டும் வந்திருக்காது. போகட்டும் விடுக்கா." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

மனைவி நீராவி மேசையை விட்டு வந்தாள். மரக் குச்சியைத் தொட்டிக்குள் செருகி இழுத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. சொம்பை நிரப்பிக்கொண்டு வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள்.

"அண்ணி, செடி இங்கயே இருக்கட்டும். இனிமே ஒரு தொட்டிக்கு ஒரு ஆள்தான் ஊத்தணும். அந்த ஆளு நீங்களும் இல்ல, இவரும் இல்ல. ரெண்டு பேரும் கையப் பின்னால கட்டிக்குங்க."

நரைத்த தலை இரண்டும் மறுபேச்சில்லாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டன. அவள் நிதானமாக, சுற்றிலும், அடித் துளையில் வருகிற வரைக்கும் ஊற்றினாள்.